சாதாவா, ஃப்ளெக்ஸியா? விமான டிக்கெட்டின் பொடி எழுத்துகள்

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் தேடிப் பாருங்கள். ஒரே விமானம், ஒரே நேரம், உட்காரப்போகும் பகுதியும் ஒன்றுதான். ஆனாலும் திரையில் மூன்று விலை வரும். ஏர் இந்தியாவில் அவற்றின் பெயர் வேல்யூ, கிளாசிக், ஃப்ளெக்ஸ். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் லைட் என்று ஒன்று கீழே தொடங்கும், ஃப்ளெக்ஸ் என்று ஒன்று மேலே இருக்கும். மற்ற நிறுவனங்களும் வேறு வேறு பெயரில் இதைத்தான் செய்கின்றன. பெயர்கள் அடிக்கடி மாறும். நம் வசதிக்கு எல்லாவற்றிலும் மலிவானதைச் சாதா டிக்கெட் என்றும், தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ இடம் தருவதை ஃப்ளெக்ஸி டிக்கெட் என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம்.

பெரும்பாலானவர்கள் விலையைப் பார்த்து மலிவானதைத் தொட்டுவிடுகிறார்கள். சிலர் பயத்தில் விலை கூடியதை எடுக்கிறார்கள். இரண்டுமே தவறாக முடியலாம். எது நமக்கு லாபம் என்பதைச் சொல்ல மூன்று எண்கள் போதும்: இரண்டு டிக்கெட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம், சாதா டிக்கெட்டை மாற்றினால் பிடிக்கும் தொகை, ஃப்ளெக்ஸியோடு வரும் பொருள்களில் நமக்கு உண்மையாகவே தேவைப்படுவதன் மதிப்பு. இந்த மூன்றும் பணம் கட்டும் பக்கத்துக்கு முன்பே கிடைக்கும். ஆனால் விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் `Fare rules` அல்லது `Fare details` என்ற இடத்தைத் தொட்டுத் திறந்தால்தான் கிடைக்கும்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். நம் ஊர்ப் பயணிகளுக்கு முதல் கவலை அதுதான். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் இன்று வழக்கமாகக் கிடைப்பது கவுன்டரில் போடும் பெட்டிக்கு 15 கிலோ, கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ. ஏர் இந்தியாவில் 2024 மே மாதம் வரை கீழ்நிலை டிக்கெட்டுகளுக்கும் 20, 25 கிலோ இருந்தது. பிறகு அதை 15 ஆகக் குறைத்து, 25 கிலோவை ஃப்ளெக்ஸ் டிக்கெட்டுக்கு மட்டும் வைத்தார்கள். ஆகவே “ஏர் இந்தியா என்றால் 25 கிலோ” என்று பழைய நினைவில் பெட்டி கட்டுகிறவர்கள் இப்போது கவுன்டரில் நின்று பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

பெட்டியே இல்லாத டிக்கெட்டும் உண்டு. கவுன்டர் பெட்டி கொண்டுவராத பயணிக்கு விலை குறைக்கலாம் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2021-ல் அனுமதித்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் லைட் டிக்கெட் அந்த வகை. 2024 தொடக்கத்தில் வந்தபோது, கைப்பையில் வழக்கமான 7 கிலோவுக்கு மேல் 3 கிலோவை முன்கூட்டியே இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சலுகையும் அதோடு இருந்தது. ஒரு நாள் வேலையாகப் பெங்களூருவோ ஹைதராபாதோ போய் வருகிறவருக்கு இது நல்ல டிக்கெட். ஊருக்குப் போய் முறுக்கும் ஊறுகாயுமாகத் திரும்புகிறவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர் போவதற்கு லைட்டும், வருவதற்குப் பெட்டியுள்ள டிக்கெட்டும் தனித்தனியாக எடுப்பது நல்லது. லைட் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் பெட்டியோடு போய் நின்றால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே காட்ட வேண்டும், டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும் என்பது டி.ஜி.சி.ஏ. போட்ட நிபந்தனை. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கூடுதல் எடையை இணையத்தில் முன்பே வாங்கினால் கவுன்டரில் கேட்கும் கிலோ விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இருக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பலர் தேவையில்லாமல் பணம் கட்டுவது இங்கேதான். டிக்கெட் எடுத்து முடிக்கும் நேரத்தில் இருக்கைப் படம் ஒன்று விரியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விலை. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் மேலே போக முடியும் என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. இருக்கைத் தேர்வு, உணவு, பெட்டி, ஓய்வறை போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்க விமான நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் பயணி தானாக விரும்பிச் சேர்த்தால்தான் வாங்க வேண்டும், முன்னதாகவே டிக் அடித்து வைத்திருக்கக் கூடாது என்பது விதி. இருக்கை தேர்ந்தெடுக்காதவருக்கு ஒரு இருக்கையைத் தானாக ஒதுக்கித் தரவும் வேண்டும். ஆகவே `Skip` என்ற பொத்தானைத் தேடித் தொடலாம், தவறில்லை. இன்னொன்று: 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவர் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. உத்தரவிட்டது. குழந்தையைப் பிரித்து உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மூன்று இருக்கைக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் டிக்கெட் பெற்றோர் டிக்கெட்டோடு ஒரே பி.என்.ஆரில் இருந்தாக வேண்டும்.

ஃப்ளெக்ஸியில் “இருக்கை இலவசம்” என்று இருந்தால் எந்த இருக்கை என்று பாருங்கள். சாதாரண வரிசை இலவசமாக இருக்கும். கால் நீட்ட இடமுள்ள முன்வரிசைக்கும் அவசர வழிப் பக்கத்துக்கும் அப்போதும் தனிக் காசு கேட்கலாம். உணவும் இதே மாதிரிதான். ஏர் இந்தியா போன்ற முழுச் சேவை நிறுவனத்தில் சாதா டிக்கெட்டிலேயே உணவு உண்டு. மலிவு விமானங்களில் சாதா டிக்கெட்டுக்கு உணவு கிடையாது, ஃப்ளெக்ஸியில் ஒரு சிற்றுண்டியும் பானமும் சேர்ந்திருக்கும். குடிதண்ணீருக்கு மட்டும் எந்த டிக்கெட்டிலும் காசு வாங்கக் கூடாது.

மாற்றமும் ரத்தும்

ஃப்ளெக்ஸிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. பொடி எழுத்தும் இங்கேதான் அதிகம்.

முதலில் டிக்கெட் விலை எப்படிப் பிரிகிறது என்று பார்க்க வேண்டும். 5,600 ரூபாய் டிக்கெட் என்றால் அது முழுவதும் விமான நிறுவனத்துக்குப் போவதில்லை. ஒரு பகுதி நிறுவனத்தின் அடிப்படைக் கட்டணம், சில நேரம் அதோடு எரிபொருள் கூடுதல் கட்டணம். மீதி வேறு கைகளுக்குப் போகிறது: எகானமி டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., பாதுகாப்புக்காக உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாய், விமான நிலையத்துக்கு யு.டி.எஃப். என்ற பயன்பாட்டுக் கட்டணம். இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், ரத்து செய்யும்போது நிறுவனம் அதிகபட்சமாகப் பிடித்துக்கொள்ளக் கூடியது அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் மட்டும்தான். அதற்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக் கட்டணம், யு.டி.எஃப். போன்றவற்றைத் திருப்பித் தந்தாக வேண்டும். “பணம் திரும்பாது” என்று எழுதியிருக்கும் சலுகை டிக்கெட்டுக்கும், விமானத்துக்கே வராமல் போனவருக்கும் இது பொருந்தும். திருப்பித் தரும் வேலைக்கு என்று தனியாகக் கட்டணம் வாங்கவும் கூடாது. டிக்கெட் போய்விட்டது, எதுவும் கிடைக்காது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு குடும்பத்தில் நான்கு பேர் என்றால் இந்தத் தொகையே சில ஆயிரம் வரும். கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, விதிப் பக்கத்தில் மூன்று சொற்றொடர்களைத் தேடுங்கள். அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

முதலாவது `whichever is lower`. “ரத்துக் கட்டணம் 3,500 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணம், எது குறைவோ அது” என்று எழுதியிருப்பார்கள். சென்னை–கோவை போன்ற குட்டிப் பயணத்தில் அடிப்படைக் கட்டணமே 2,400 ரூபாய்தான் என்றால், ரத்து செய்யும்போது அந்த 2,400-உம் போகும். வரியும் நிலையக் கட்டணமும் மட்டும் திரும்பும். இதை வேறு பக்கமிருந்து பார்த்தால், குறைந்த விலை டிக்கெட்டில் நமக்கு வரக்கூடிய நஷ்டத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. 2,400 ரூபாய்க்கு மேல் நஷ்டம் வராது. அப்படிப்பட்ட டிக்கெட்டுக்கு 1,200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஃப்ளெக்ஸி எடுப்பதில் பெரிய அர்த்தமில்லை.

இரண்டாவது `per passenger, per sector`. ஒருவருக்கு, ஒரு வழிக்கு என்று பொருள். 3,000 ரூபாய் மாற்றக் கட்டணம் என்று படித்துவிட்டு மொத்தச் செலவே 3,000 என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் போய் வரும் டிக்கெட்டில் இரு வழியையும் மாற்றினால் அது 12,000.

மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுவது: `plus fare difference`. ஃப்ளெக்ஸியில் “மாற்றக் கட்டணம் இல்லை” என்று பெரிய எழுத்தில் இருக்கும். மாற்றுவதற்கு என்று வாங்கும் தண்டத் தொகைதான் அங்கே இல்லை. புதிய தேதியில் டிக்கெட் விலை கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தை ஃப்ளெக்ஸி எடுத்தவரும் கட்டத்தான் வேண்டும். பயண நாள் நெருங்க நெருங்க விலை ஏறும் என்பதால், கடைசி நேரத்தில் மாற்றுகிறவருக்கு இந்த வித்தியாசம்தான் பெரிய செலவாக இருக்கும். ஃப்ளெக்ஸி எடுத்தால் எப்போது வேண்டுமானாலும் காசில்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர்கள் இந்த வரியைப் படித்த பிறகு முடிவு எடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு

ஒரு தாயும் மகளும் டெல்லிக்குப் போகிறார்கள். மகளுக்கு அங்கே ஒரு கல்லூரியில் சேர்க்கை நேர்காணல். தேதி அறிவித்திருக்கிறார்கள், ஆனால் தள்ளிப்போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இங்கே நான் தருபவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள். நீங்கள் பார்க்கும் நாளில் திரையில் வருவதை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு ஒரு வழிக்குச் சாதா டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 4,800, ஜி.எஸ்.டி. 240, பாதுகாப்பு மற்றும் நிலையக் கட்டணங்கள் 560. மொத்தம் 5,600. ஃப்ளெக்ஸியில் அடிப்படைக் கட்டணம் 6,000, ஜி.எஸ்.டி. 300, மற்றவை அதே 560. மொத்தம் 6,860. வித்தியாசம் 1,260 ரூபாய். சாதா டிக்கெட்டை மாற்ற 3,000 ரூபாய். ஃப்ளெக்ஸிக்கு மாற்றக் கட்டணம் இல்லை.

நேர்காணல் தள்ளிப்போகிறது. புதிய தேதியில் இரு வகையிலும் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய் ஏறியிருக்கிறது. அதற்கு ஜி.எஸ்.டி. 80. சாதா டிக்கெட் எடுத்திருந்தால் 3,000-உம் 1,680-உம் சேர்ந்து 4,680 கட்ட வேண்டும். ஆக மொத்தச் செலவு 10,280. ஃப்ளெக்ஸி எடுத்திருந்தால் வித்தியாசம் 1,680 மட்டும் கட்டினால் போதும். மொத்தச் செலவு 8,540. மாறினால் ஃப்ளெக்ஸியில் 1,740 ரூபாய் லாபம். மாறாவிட்டால் சாதாவில் 1,260 ரூபாய் லாபம். இது ஒருவருக்கு, ஒரு வழிக்கு.

அப்படியானால் எதை எடுப்பது? விலை வித்தியாசமான 1,260-ஐ மாற்றக் கட்டணமான 3,000-ஆல் வகுத்தால் 0.42 வருகிறது. அதாவது தேதி மாறுவதற்கு நூற்றுக்கு 42-க்கு மேல் வாய்ப்பு இருந்தால் ஃப்ளெக்ஸி, குறைவாக இருந்தால் சாதா. கல்யாணத்துக்குப் போகிறவருக்கு முகூர்த்த தேதி மாறப்போவதில்லை. அவருக்குச் சாதா டிக்கெட் போதும். கோர்ட் வாய்தாவுக்கும், நேர்காணலுக்கும், மருத்துவமனையில் டாக்டர் சொல்லும் தேதிக்கும் போகிறவர்கள் நிலைமை வேறு. பாதிக்குப் பாதி மாறலாம் என்று மனதில் பட்டாலே அங்கே ஃப்ளெக்ஸி லாபம்.

இந்தக் கணக்கில் இன்னும் ஒரு படி இருக்கிறது. ஃப்ளெக்ஸியோடு வரும் இருக்கைக்கும் உணவுக்கும் மதிப்பு உண்டல்லவா? தாய்க்கு முழங்கால் வலி, நடைபாதை ஓர இருக்கைக்கு எப்படியும் 300 ரூபாய் கொடுத்திருப்பார். விமானம் மதிய நேரம், சாப்பாட்டுக்கு 400 ரூபாய் ஆகியிருக்கும். அப்போது 1,260-இல் 700 கழிந்துவிடுகிறது. உண்மையான கூடுதல் செலவு 560 மட்டும். அதை 3,000-ஆல் வகுத்தால் 0.19-க்குள் வரும். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே ஃப்ளெக்ஸி எடுக்கலாம். ஆனால் மகள் கிடைக்கிற இருக்கையில் உட்காருவாள், வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போவாள் என்றால் அவள் டிக்கெட்டுக்கு அந்த 700-ஐக் கழிக்கக் கூடாது. நிறுவனம் விளம்பரத்தில் காட்டும் மதிப்பை அல்ல, நீங்கள் தனியாக வாங்கியிருக்கக்கூடியதை மட்டுமே கழிக்க வேண்டும். 25 கிலோ பெட்டியும் அப்படித்தான். 12 கிலோ பெட்டியோடு போகிறவருக்குக் கூடுதல் 10 கிலோவின் மதிப்பு பூஜ்யம்.

போவதையும் வருவதையும் பிரித்தும் யோசிக்கலாம். நேர்காணல் தேதி உறுதியானது, ஆனால் மறுநாளே சான்றிதழ் சரிபார்ப்புக்கு இருக்கச் சொல்வார்களா என்று தெரியாது என்றால், போவதற்குச் சாதா, வருவதற்கு ஃப்ளெக்ஸி என்று எடுப்பதுதான் சரி. உள்நாட்டில் பெரும்பாலும் போக, வர டிக்கெட்டின் விலை இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகைதான், ஆகவே பிரித்து எடுப்பதால் பெரிய நஷ்டம் இருக்காது. எடுக்கும் முன் இரண்டு விலையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் கலக்காதீர்கள். இருவகை கலந்த டிக்கெட்டில் கடுமையான விதியே முழுவதற்கும் பொருந்தும் என்று சில நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

ஃப்ளெக்ஸி தராதவை

எல்லா ஃப்ளெக்ஸியும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் மாற்றம் எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசம், இன்னொன்றில் குறைந்த தொகை பிடிப்பார்கள், வேறொன்றில் மாற்றம் இலவசம் ஆனால் ரத்துக்குக் கட்டணம் உண்டு. மாற்றமும் ரத்தும் விதிப் பக்கத்தில் தனித்தனி வரிகளாக இருக்கும். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேர எல்லையும் முக்கியம். விமானம் புறப்படுவதற்கு இத்தனை மணி நேரம் முன்பு வரை என்று ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிவிட்டால், அல்லது விமானத்தைத் தவறவிட்டால், ஃப்ளெக்ஸி எடுத்தவரும் சாதா எடுத்தவர் நிலைக்கு வந்துவிடுவார். போக்குவரத்து நெரிசலில் சிக்கி நேரம் போய்விட்டது என்று தெரிந்தால், காரில் உட்கார்ந்தபடியே செல்போனில் தேதியை மாற்றிவிட வேண்டும். நிலையத்துக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த நேரம் தாண்டிவிடும். ஃப்ளெக்ஸி டிக்கெட் என்பதற்காக இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. அப்பாவுக்குப் பதில் அண்ணன் போகட்டும் என்று நினைத்தால், அப்பாவின் டிக்கெட்டை ரத்து செய்து அண்ணனுக்குப் புதிதாக எடுக்க வேண்டியதுதான்.

சாதா டிக்கெட் எடுத்து, அதன்மேல் இருக்கை, உணவு, கூடுதல் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல நிறுவனங்களில் இப்படிச் சேர்த்தவற்றுக்குக் கட்டிய பணம் ரத்தின்போது திரும்பாது. எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஃப்ளெக்ஸியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், ஆனால் ஃப்ளெக்ஸியின் பாதுகாப்பு இல்லை என்ற நிலை வந்தால், திரும்பிப் போய் ஃப்ளெக்ஸியைத் தேர்ந்தெடுங்கள்.

டிக்கெட் விற்கும் செயலிகளில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. “சில நூறு ரூபாய் சேர்த்தால் இலவச ரத்து” என்று ஒரு கட்டம் வரும். அது பெரும்பாலும் விமான நிறுவனத்தின் ஃப்ளெக்ஸி அல்ல, அந்தச் செயலியே விற்கும் தனிப் பாதுகாப்பு. அதற்கென்று வேறு விதி, வேறு நேர எல்லை, திருப்பித் தரும் தொகைக்கு வேறு உச்சவரம்பு இருக்கும். தேதி மாற்றத்துக்குப் பொருந்தாமல் ரத்துக்கு மட்டும் பொருந்தலாம். விமான நிறுவனம் பிடிப்பது போக, செயலியின் சேவைக் கட்டணமும் தனியாகப் பிடிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இப்படி ஒரு செயலியில் டிக்கெட் எடுத்துவிட்டு, விமான நிறுவனத்தின் கவுன்டரில் போய் “நான் இலவச ரத்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன்” என்று வாதாடிக்கொண்டிருந்தார். அவர் பணம் கட்டியது செயலிக்கு. கவுன்டரில் இருந்த பெண்ணால் எதுவும் செய்ய முடியவில்லை. தேதி மாறக்கூடிய பயணம் என்றால் விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் எடுப்பது நல்லது என்பது என் கருத்து. நூறு இருநூறு கூடினாலும், யாரைக் கேட்க வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

காசில்லாமல் கிடைப்பவை

ஃப்ளெக்ஸிக்குப் பணம் கட்டும் முன், எந்த டிக்கெட் எடுத்தாலும் சட்டப்படி கிடைப்பவை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

டிக்கெட் எடுத்த முதல் 48 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம், மாற்றலாம். மாற்றினால் புதிய விமானத்துக்கு அன்றைய விலையைக் கட்ட வேண்டியிருக்கும். உள்நாட்டுப் பயணத்துக்குப் புறப்படும் நாள் டிக்கெட் எடுத்த நாளிலிருந்து குறைந்தது 7 நாளாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவசரத்தில் தவறான தேதியில் எடுத்துவிட்டாலும், சாயங்காலம் வீட்டில் பேசிப் பார்த்ததில் தேதி சரிவராவிட்டாலும், சாதா டிக்கெட்டுக்கே இந்த உரிமை உண்டு. ஆகவே டிக்கெட் எடுத்த அன்றே எல்லோரிடமும் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டில் பெயரில் ஓரிரு எழுத்து பிழையானாலும் 24 மணி நேரத்துக்குள் சொன்னால் இலவசமாகத் திருத்துவார்கள். நம் பெயர்களில் முன்னெழுத்தும் எழுத்துக்கூட்டலும் ஆதாரில் ஒன்றாகவும் டிக்கெட்டில் ஒன்றாகவும் இருப்பது சகஜம். அன்றே சரிபார்த்துவிட்டால் செலவில்லை.

விமான நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்பதைப் பயணியே தீர்மானிக்கலாம். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தாலும் அதே உரிமை. இதற்கு ஃப்ளெக்ஸி எடுத்திருக்க வேண்டியதில்லை. பனிமூட்டக் காலத்தில் டெல்லிக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் “விமானம் ரத்தானால் என்ன செய்வது” என்ற பயத்தில் ஃப்ளெக்ஸியைத் தொடுவதுண்டு. அந்தப் பயத்துக்கு ஃப்ளெக்ஸி மருந்தல்ல. நம் பக்கம் திட்டம் மாறும்போது மட்டும்தான் அதற்கு வேலை.

ரத்து செய்த பணத்தை “உங்கள் கணக்கில் வரவு வைத்திருக்கிறோம், அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. வரவாக வைப்பதா பணமாகத் தருவதா என்பது பயணியின் விருப்பம் என்று டி.ஜி.சி.ஏ. விதியிலேயே இருக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ரத்து செய்த 7 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். ஏஜென்ட் மூலமோ செயலி மூலமோ எடுத்திருந்தால் கூடுதல் நாள் பிடிக்கும், ஆனாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான்.

பணம் கட்டுவதற்கு முன் விதிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பெயர்களும் தொகைகளும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. நீங்கள் வாங்கிய நாளில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் வேண்டும். அதற்கு மாறாகப் பிடித்தம் செய்தாலோ, வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தராவிட்டாலோ, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளமான airsewa.gov.in-இல் பி.என்.ஆரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.